கோரம் சேராத கூட்டமும் அடுத்த வியாழக்கிழமையும்

காலை பதினொன்று இருபது. கோயம்புத்தூரில் பம்ப்செட் செய்யும் ஒரு குடும்பக் கம்பெனியின் கூட்ட அறை. மேசையில் ஏழு கோப்புகள், ஏழு தண்ணீர் பாட்டில்கள். உட்கார்ந்திருப்பவர்கள் இரண்டு பேர்: நிர்வாக இயக்குநரும், அவருடைய தம்பியும். திருப்பூரிலிருந்து வரவேண்டிய மைத்துனருக்குக் காய்ச்சல். சிங்கப்பூரிலிருக்கும் மகள் விமானத்தில் இருக்கிறார். மற்ற மூவரில் ஒருவர் போனை எடுக்கவில்லை, இருவர் வெளியூர்.

"சரி, ரெண்டு பேர்தான் வந்திருக்கோம். தீபாவளி முடிஞ்சு நாலாம் தேதி வெச்சுக்கலாம். எல்லாருக்கும் ஒரு மெசேஜ் போட்டுருங்க" என்கிறார் நிர்வாக இயக்குநர்.

கூட்டத்தின் தாள்களைத் தயாரித்துக் கொடுக்க வந்திருக்கும் கம்பெனி செகரட்டரி தயங்குகிறார். "ஐயா, அந்தத் தேதிய நாம இப்ப முடிவு பண்ண முடியாதுங்க. சட்டமே ஒரு தேதிய வெச்சிருச்சுங்க."

இது நான் விளக்கத்துக்காக அமைத்துக்கொண்ட கம்பெனி. ஆனால் இந்தப் பேச்சு புதிதல்ல. இயக்குநர் குழுக் கூட்டம் ஆள் சேராமல் போனால், வந்தவர்கள் காலண்டரைப் பார்த்து வசதியான இன்னொரு நாளைக் குறித்து, அதை வாட்ஸ்அப்பில் போட்டுவிட்டுக் கலைவதுதான் பல இடங்களில் வழக்கம். அந்த ஒரு வரிச் செய்தியால் பின்னால் ஒரு வங்கிக் கடன் நிற்கலாம், பங்குதாரர் சண்டையில் ஒரு தீர்மானமே செல்லாமல் போகலாம். அதனால் அடுத்த தேதி எப்படி வருகிறது, இயக்குநர்களுக்கு எழுதும் கடிதத்தில் என்ன இருக்கவேண்டும் என்பதை இந்த ஒரு கம்பெனியை வைத்தே பார்த்துவிடலாம்.

முதலில் எத்தனை பேர் வந்திருந்தால் போதும் என்ற கணக்கு. அதைத்தான் கோரம் என்கிறோம். சட்டமன்றத்திலும் உள்ளாட்சி மன்றங்களிலும் குறைவெண் என்று சொல்வதுண்டு. 2013-ம் ஆண்டின் கம்பெனிகள் சட்டம், 174-வது பிரிவில் இதைச் சொல்கிறது: மொத்த இயக்குநர்களில் மூன்றில் ஒரு பங்கு, அல்லது இரண்டு பேர், இரண்டில் எது அதிகமோ அது. பின்னம் வந்தால் அதை முழு ஒன்றாக எடுத்துக்கொள்ள வேண்டும். நம் கம்பெனியில் ஏழு பேர். ஏழை மூன்றால் வகுத்தால் இரண்டே கால் சொச்சம். ஆகவே மூன்று பேர் வேண்டும். இரண்டு பேர் வந்தது போதாது.

இங்கேயே ஒன்றைக் கவனிக்கவேண்டும். மொத்தம் என்று சொல்லும்போது காலியாக இருக்கும் இடங்களைச் சேர்க்கக்கூடாது. இந்த ஏழு பேரில் ஒருவர் போன மாதமே ராஜினாமா கொடுத்து அது நடைமுறைக்கு வந்திருந்தால், மொத்தம் ஆறு. ஆறில் மூன்றில் ஒரு பங்கு இரண்டு. அன்று வந்திருந்த அதே இரண்டு பேரே கோரம்! கூட்டம் நடந்திருக்கலாம். எனவே கூட்டம் கலைந்தது என்று அறிவிப்பதற்கு முன்னால் இரண்டு ஆவணங்களைத் திறந்து பார்ப்பது நல்லது: இயக்குநர் பதிவேடு, கம்பெனியின் நடைமுறை விதிகள். எல்லோரும் ஆர்ட்டிகிள்ஸ் என்று சொல்கிறார்களே, அதுதான். சட்டம் சொல்வதைவிடக் கூடுதலான கோரத்தை அந்த விதிகள் கேட்டிருந்தால் அந்தக் கூடுதல் எண்தான் செல்லும். வெளியிலிருந்து முதலீடு வாங்கிய கம்பெனிகளில், முதலீட்டாளர் நியமித்த இயக்குநர் இருந்தால்தான் கோரம் என்றுகூட எழுதியிருப்பார்கள்.

எவ்வளவு நேரம் காத்திருப்பது? பங்குதாரர்களின் பொதுக்கூட்டத்துக்கு அரை மணி நேரம் என்று சட்டமே சொல்லியிருக்கிறது. இயக்குநர் குழுக் கூட்டத்துக்கு அப்படி ஒரு நேரத்தைச் சட்டம் சொல்லவில்லை. ஆர்ட்டிகிள்ஸில் இருந்தால் அதைப் பின்பற்றலாம். இல்லையென்றால் நியாயமான நேரம் காத்திருந்து, எத்தனை மணிவரை காத்திருந்தோம் என்பதை எழுதிவைப்பதே சரி. நம் கம்பெனியில் பதினொன்றரை மணிவரை காத்திருந்தார்கள். அதற்குள் மைத்துனர் போனில் வந்தார். "நான் லைன்லயே இருக்கேன், என்னையும் சேர்த்துக்குங்க" என்றார். சேர்க்க முடியாது. காணொலி வழியாகக் கலந்துகொள்பவரைச் சட்டம் கோரத்தில் எண்ணுகிறது, ஆனால் அது முகமும் குரலும் சேர்ந்து வரும் ஏற்பாடாக இருக்கவேண்டும். வெறும் தொலைபேசிக் குரல் போதாது. காய்ச்சலோடு படுத்திருந்தவர் கட்டிலில் உட்கார்ந்தபடியே காணொலியில் வந்திருந்தால், அன்றைய கூட்டம் காப்பாற்றப்பட்டிருக்கும்.

சரி, கூட்டம் நடக்கவில்லை. அடுத்த தேதி என்ன?

174-வது பிரிவின் நான்காம் உட்பிரிவு இப்படிச் சொல்கிறது: கோரம் இல்லாததால் கூட்டம் நடக்க முடியாமல் போனால், ஆர்ட்டிகிள்ஸில் வேறு ஏற்பாடு இல்லாதவரை, அது அடுத்த வாரம் அதே கிழமைக்கு, அதே நேரத்துக்கு, அதே இடத்துக்குத் தானாகவே ஒத்திவைக்கப்பட்டதாகும். அந்த நாள் தேசிய விடுமுறையாக இருந்தால், அதற்கு அடுத்து வரும், தேசிய விடுமுறையல்லாத நாள்.

அந்த "தானாகவே" என்ற சொல்தான் எல்லாமே. யாரும் முடிவெடுக்கத் தேவையில்லை, யாரும் முடிவெடுக்கவும் முடியாது. கோரம் இல்லாத கூட்டத்தில் உட்கார்ந்திருக்கும் இரண்டு பேர், சட்டத்தின் பார்வையில், இயக்குநர் குழு அல்ல. குழு எடுக்கவேண்டிய எந்த முடிவையும் அவர்களால் எடுக்க முடியாது, தேதி உட்பட. கூட்டத்தை ஒத்திவைக்கும் அதிகாரம் தலைவருக்கு உண்டே என்று கேட்பார்கள். உண்டு. ஆனால் அது கோரத்தோடு நடந்துகொண்டிருக்கும் கூட்டத்தை ஒத்திவைக்கும் அதிகாரம். கோரமே சேராத இடத்தில் அது பிறப்பதில்லை.

நம் கம்பெனியின் கூட்டம் 2024 அக்டோபர் 24, வியாழக்கிழமை. அடுத்த வியாழன் அக்டோபர் 31. அன்று தீபாவளி.

தீபாவளியன்று கூட்டமா? சட்டத்தின் கணக்கில் ஆம். தேசிய விடுமுறை என்பதற்கு இந்தியக் கம்பெனி செகரட்டரிகள் நிறுவனம் வெளியிட்ட செயலகத் தரநிலை ஒன்றில் விளக்கம் இருக்கிறது: ஜனவரி 26, ஆகஸ்ட் 15, அக்டோபர் 2, இவற்றோடு மத்திய அரசு தேசிய விடுமுறை என்று அறிவிக்கும் வேறு நாள். தீபாவளியும் பொங்கலும் ஞாயிற்றுக்கிழமையும் அந்தப் பட்டியலில் இல்லை. மாநில அரசு விடுமுறை விட்டாலும் கணக்கு மாறாது. இதே கூட்டம் 2024 செப்டம்பர் 25, புதன்கிழமை நடக்காமல் போயிருந்தால், அடுத்த புதன் அக்டோபர் 2, காந்தி ஜயந்தி. அப்போது மட்டும் தேதி ஒரு நாள் தள்ளி, அக்டோபர் 3, வியாழக்கிழமைக்குப் போயிருக்கும்.

பொதுக்கூட்டத்தின் விதியையும் இயக்குநர் கூட்டத்தின் விதியையும் போட்டுக் குழப்பிக்கொள்வது இங்கே நடக்கும் பெரிய தவறு. பொதுக்கூட்டம் கோரமின்றிப் போனால், வேறு தேதியையும் வேறு இடத்தையும் முடிவு செய்ய இயக்குநர் குழுவுக்கு அதிகாரம் உண்டு. ஒத்திவைத்த பொதுக்கூட்டத்திலும் அரை மணி நேரத்துக்குள் கோரம் சேராவிட்டால், வந்திருப்பவர்களே கோரம். இயக்குநர் கூட்டத்துக்கு இந்த இரண்டு சலுகையும் இல்லை. ஒத்திவைத்த நாளிலும் மூன்று பேர் வந்தே ஆகவேண்டும். வராவிட்டால், செயலகத் தரநிலையின்படி, அந்தக் கூட்டம் ரத்தாகிவிடும். மூன்றாவது வாரத்துக்குத் தானாகப் போகாது. "போன தடவையே கோரம் இல்ல, இந்தத் தடவை எத்தனை பேர் வந்தாலும் பரவாயில்ல" என்று நினைத்துக்கொண்டு இரண்டு பேர் உட்கார்ந்து தீர்மானம் போடுவதை நான் கேள்விப்படும்போதெல்லாம் சங்கடமாக இருக்கும். நல்ல எண்ணத்தோடு செய்ததுதான், ஆனால் அந்தத் தாளுக்கு உயிர் இல்லை.

அப்படியானால் நிர்வாக இயக்குநர் விரும்பிய நவம்பர் 4 என்னவாகும்? அதற்கும் வழி இருக்கிறது. ஆனால் அது ஒத்திவைத்த கூட்டம் ஆகாது. அது புதிய கூட்டம். புதிய கூட்டத்தை ஏழு நாளுக்குக் குறையாத எழுத்து மூலமான நோட்டீஸ் கொடுத்து எப்போது வேண்டுமானாலும் கூட்டலாம். நோட்டீஸ் அனுப்பும் நாளையும் கூடும் நாளையும் விட்டுவிட்டு இடையில் முழுதாக ஏழு நாள் வருமாறு எண்ணுவதுதான் பாதுகாப்பானது. அக்டோபர் 25, வெள்ளியன்று மின்னஞ்சலில் அனுப்பினால் 26 முதல் நவம்பர் 1 வரை ஏழு நாள். ஆகவே நவம்பர் 2 முதல் எந்த நாளும் சரி, 4-ம் தேதி திங்கட்கிழமை தாராளமாகச் சரி. பதிவுத் தபாலிலோ விரைவுத் தபாலிலோ கூரியரிலோ அனுப்பினால், போய்ச் சேர்வதற்காக இன்னும் இரண்டு நாள் கூட்டிக்கொள்ள வேண்டும். நவம்பர் 4 அப்போதும் தாங்கும், ஆனால் ஒரு நாள்கூட மிச்சமில்லாமல். அதனால்தான் கடிதம் 25-ம் தேதிக்கு மேல் தள்ளிப்போகக்கூடாது.

இதில் இன்னொரு கெடுவும் ஓடிக்கொண்டிருக்கிறது. இரண்டு இயக்குநர் கூட்டங்களுக்கு நடுவே 120 நாளுக்கு மேல் இடைவெளி விடக்கூடாது என்பது 173-வது பிரிவு. சிறு கம்பெனி போன்ற சில வகைகளுக்குத் தளர்வு உண்டு. நம் கம்பெனி அந்த வகையில் வராது என்று வைத்துக்கொள்வோம். இதன் முந்தைய கூட்டம் ஜூலை 15-ல் நடந்தது. அங்கிருந்து 120 நாள் எண்ணினால் நவம்பர் 12. அக்டோபர் 31 கூட்டம் கோரத்தோடு நடந்துவிட்டால் கவலை இல்லை. ஒத்திவைத்த கூட்டம் மூலக் கூட்டத்தின் தொடர்ச்சி என்பதால், அடுத்த இடைவெளியும் மூலக் கூட்டத்தின் தேதியான அக்டோபர் 24-லிருந்தே எண்ணப்படும். ஆனால் 31-லும் ஆள் சேராமல் கூட்டம் ரத்தானால், நடந்த கூட்டம் என்று எதுவும் இல்லை. ஜூலை 15-ன் கெடு அப்படியே நிற்கும். நவம்பர் 4 அதற்குள் வருகிறது. அதுவும் கலைந்தால், தானாக ஒத்திவைக்கப்படும் நாள் நவம்பர் 11. கெடுவுக்கு ஒரு நாள் முன்பு! இந்தக் கணக்கைக் கையில் வைத்துக்கொண்டுதான் தேதி பேசவேண்டும். தீபாவளி அசதி தீரட்டும் என்று நவம்பர் 14-ஐத் தேர்ந்தெடுத்திருந்தால் கம்பெனி சட்டத்தை மீறியிருக்கும்.

அன்றைய நிகழ்ச்சி நிரலில் இருந்த முக்கியமான பொருள் மூன்று கோடி ரூபாய் வங்கிக் கடன். வங்கி ஒப்புதல் கடிதம் கொடுத்துவிட்டது, இயக்குநர் குழுத் தீர்மானத்தின் நகல் வந்தால் பணம் வரும். "கூட்டமெல்லாம் எதுக்கு, தாளைச் சுத்துக்கு விட்டு எல்லார்கிட்டயும் கையெழுத்து வாங்கிட்டா ஆச்சு" என்று தம்பி சொன்னார். சுற்றறிக்கை முறையில் தீர்மானம் நிறைவேற்ற 175-வது பிரிவு இடம் தருவது உண்மைதான். ஆனால் கடன் வாங்குவது, கடன் கொடுப்பது, முதலீடு செய்வது, நிதிநிலை அறிக்கையை ஏற்பது போன்ற சில பொருள்களைக் கூட்டத்தில் வைத்துத்தான் முடிவுசெய்ய வேண்டும் என்று 179-வது பிரிவு பட்டியல் போட்டிருக்கிறது. கடன் வாங்கும் அதிகாரத்தை முன்பே ஒரு கூட்டத்தில் நிர்வாக இயக்குநருக்கு ஒப்படைத்திருந்தால் தப்பித்திருக்கலாம். இங்கே அப்படிச் செய்யவில்லை. ஆகவே கூட்டம்தான் வழி.

வங்கி ஒரு வாரம்கூடப் பொறுக்காது என்றால் குறுகிய நோட்டீஸில் அவசரக் கூட்டம் கூட்டலாம். அதற்கு ஒரு விலை இருக்கிறது. சுயேச்சை இயக்குநர் இல்லாத இந்த மாதிரிக் கம்பெனியில், அந்தக் கூட்டத்தின் முடிவைக் கம்பெனியின் மொத்த இயக்குநர்களில் பெரும்பான்மையோர், அதாவது ஏழில் நான்கு பேர், அங்கேயே ஆதரித்திருக்க வேண்டும். இல்லையென்றால் எல்லோருக்கும் அனுப்பிப் பெரும்பான்மையோர் ஒப்புக்கொண்ட பிறகே அது இறுதியாகும். மூன்று பேரைச் சேர்க்கவே திணறியவர்களுக்கு நான்கு பேர் என்பது எளிதல்ல.

இப்போது கடிதத்துக்கு வருகிறேன். இதில் எழுதக்கூடாத ஒரு வாக்கியத்தை முதலில் சொல்லவேண்டும்: "அக்டோபர் 31 கூட்டம் நடைபெறாது. அதற்குப் பதிலாக நவம்பர் 4 அன்று கூடுவோம்." படிக்கும்போது மிக இயல்பாக இருக்கிறது. ஆனால் 31-ஐ ரத்து செய்யும் அதிகாரம் கடிதம் எழுதுபவருக்கு இல்லை. அந்தத் தேதியைச் சட்டம் வைத்தது. கடிதத்தை நம்பி நான்கு பேர் வீட்டில் பலகாரம் சாப்பிட்டுக்கொண்டிருக்க, மீதி மூன்று பேர் அன்று பதினொரு மணிக்கு அலுவலகத்தில் உட்கார்ந்து கடனை நிறைவேற்றிவிட்டார்கள் என்று வைத்துக்கொள்ளுங்கள். கோரம் சேர்ந்த கூட்டம் அது. ஆனால் மற்ற நால்வருக்குக் கூட்டம் இல்லை என்று எழுதி அனுப்பியிருக்கிறோம். அந்தத் தீர்மானம் நிற்குமா, விழுமா என்று வழக்கறிஞர்கள் வருஷக்கணக்கில் வாதாடலாம். அண்ணன் தம்பி ஒற்றுமையாக இருக்கும்வரை இதெல்லாம் யார் கண்ணிலும் படாது. பாகப்பிரிவினை பேச்சு வந்த அன்று, முதலில் தேடி எடுக்கப்படும் தாள் இதுவாகத்தான் இருக்கும்.

எனவே கடிதம் இரண்டு தேதியையும் மறைக்காமல் சொல்லவேண்டும். அதை இரண்டு தாளாகப் பிரிப்பது இன்னும் நல்லது என்பது என் கருத்து: ஒன்று ஒத்திவைப்பைத் தெரிவிக்கும் கடிதம், மற்றது புதிய கூட்டத்துக்கான நோட்டீஸ். முதல் கடிதம் அன்றே, கூட்டம் கலைந்த சூட்டோடு போகவேண்டும். ஒத்திவைத்த கூட்டத்தின் தேதி கூட்டத்திலேயே முடிவாகாவிட்டால் அதற்கும் ஏழு நாள் நோட்டீஸ் வேண்டும் என்கிறது தரநிலை. தானாக ஒத்திப்போகும் கூட்டத்திலோ மறு வாரமே அது வந்துவிடுகிறது. தேதியைச் சட்டமே அந்தக் கணத்தில் வைத்துவிட்டதால், நம் வேலை அதைத் தாமதமின்றி எல்லோருக்கும் தெரிவிப்பது. மாலைக்குள் அனுப்பினால் யாரும் குறை சொல்ல இடமிராது. அந்தக் கடிதம் ஏறக்குறைய இப்படி இருக்கலாம்:

"மதிப்பிற்குரிய இயக்குநர் அவர்களுக்கு,

2024 அக்டோபர் 14 தேதியிட்ட நோட்டீஸின்படி, இன்று, அக்டோபர் 24 வியாழக்கிழமை, காலை 11 மணிக்குக் கம்பெனியின் பதிவு அலுவலகத்தில் இயக்குநர் குழுக் கூட்டம் கூட்டப்பட்டது. தற்போதுள்ள இயக்குநர்கள் ஏழு பேர். கோரத்துக்கு வேண்டியவர்கள் மூன்று பேர். காலை 11.30 வரை இரண்டு இயக்குநர்களே வந்திருந்தனர். காணொலி வழியாக எவரும் கலந்துகொள்ளவில்லை. ஆகவே எந்தப் பொருளும் எடுத்துக்கொள்ளப்படவில்லை.

கம்பெனிகள் சட்டம் 2013, பிரிவு 174(4)-ன்படி இக்கூட்டம் 2024 அக்டோபர் 31 வியாழக்கிழமை, காலை 11 மணிக்கு, அதே இடத்துக்கு ஒத்திவைக்கப்பட்டுள்ளது. முன்பு அனுப்பிய நிகழ்ச்சி நிரலும் குறிப்புகளும் அப்படியே பொருந்தும். நகல் மீண்டும் இணைக்கப்பட்டுள்ளது. அன்று தீபாவளி என்பதை அறிவோம். காணொலி வழியாகக் கலந்துகொள்ள இணைப்பு தரப்பட்டுள்ளது. நேரிலா, காணொலியிலா, அல்லது வர இயலாதா என்பதை அக்டோபர் 28 மாலைக்குள் பதிலாக எழுதும்படி கேட்டுக்கொள்கிறோம்.

அன்றும் கோரம் சேராவிட்டால் அக்கூட்டம் ரத்தாகும். அந்நிலையில் இதே பொருள்களை எடுத்துக்கொள்ள, நவம்பர் 4 திங்கட்கிழமை காலை 11 மணிக்குப் புதிய கூட்டம் நடைபெறும். அதற்குரிய தனி நோட்டீஸ் நாளை அனுப்பப்படும்."

கீழே நிர்வாக இயக்குநரின் கையெழுத்து. கம்பெனிக்கென்று நியமிக்கப்பட்ட செகரட்டரி இருந்தால் அவர் கையெழுத்திடுவார். இல்லாதபோது இயக்குநர் ஒருவரோ, குழு அதிகாரம் கொடுத்த வேறொருவரோ போடலாம்.

இந்தக் கடிதத்தில் யார் வரவில்லை என்ற பெயர்ப் பட்டியல் இல்லை என்பதைக் கவனித்திருப்பீர்கள். வராதவரைக் குத்திக்காட்டும் வரி ஒன்றுகூட வேண்டாம். மைத்துனருக்குக் காய்ச்சல், மகள் விமானத்தில் என்பதெல்லாம் வராமைக்கான அனுமதிக் கோரிக்கையாக அவர்களே எழுதவேண்டியது. அதே நேரம், எண்ணிக்கையை விடக்கூடாது. மொத்தம் எத்தனை, வேண்டியது எத்தனை, வந்தது எத்தனை, எத்தனை மணிவரை காத்திருந்தோம் என்ற நான்கும் இருந்தால், பத்து வருஷம் கழித்துப் படிப்பவருக்கும் கூட்டம் ஏன் நடக்கவில்லை என்பது புரியும். புதிய பொருள் எதையும் இந்தக் கடிதத்தில் நுழைக்கவும் கூடாது. ஒத்திவைத்த கூட்டம் பழைய கூட்டத்தின் தொடர்ச்சி. இதற்கிடையில் லாரி ஒன்று வாங்க நினைத்தால் அதை நவம்பர் 4 நோட்டீஸில் சேர்த்துக்கொள்ளலாம்.

கடிதம் ஏழு பேருக்கும் போகவேண்டும். அன்று வந்திருந்த இருவருக்கும், சிங்கப்பூரில் இருப்பவருக்கும், எப்போதுமே வராதவருக்கும். "அவர் எப்படியும் வரமாட்டார்" என்று ஒருவரை விட்டுவிடுவது எவ்வளவு பெரிய தவறு என்பதற்கு 1973-ல் உச்ச நீதிமன்றம் தீர்ப்பளித்த பரமேசுவரி பிரசாத் குப்தா வழக்கே சாட்சி. ஒரு கம்பெனியின் பொது மேலாளரை வேலையிலிருந்து நீக்க இயக்குநர் குழு தீர்மானம் போட்டது. ஒரே ஒரு இயக்குநருக்கு அந்தக் கூட்டத்தின் நோட்டீஸ் போகவில்லை. அந்தக் கூட்டத்தின் தீர்மானம் செல்லாது என்றது நீதிமன்றம். பின்னால் முறைப்படி கூடிய கூட்டத்தில் குழு அந்த நடவடிக்கையை ஏற்று உறுதி செய்திருந்ததால்தான் கம்பெனி தப்பியது.

எந்த முகவரிக்கு? கம்பெனியில் அந்த இயக்குநர் பதிவு செய்திருக்கும் முகவரிக்கு, அல்லது அவர் கொடுத்திருக்கும் மின்னஞ்சலுக்கு. குடும்பக் கம்பெனிகளில் வாட்ஸ்அப் குழு ஒன்று கட்டாயம் இருக்கும். அதில் நினைவூட்டலாம், தாராளமாக. ஆனால் நோட்டீஸ் என்ற வேலையை அதனிடம் ஒப்படைக்கவேண்டாம். போனை மாற்றினால் போய்விடும், யாரோ அழித்துவிடுவார், யார் எப்போது பார்த்தார் என்பதை நிறுவுவது கஷ்டம். அனுப்பிய மின்னஞ்சலை, அது போய்ச் சேர்ந்ததற்கான அத்தாட்சியோடு அச்செடுத்து அந்தக் கூட்டத்தின் கோப்பிலேயே வைத்துவிடுவது நல்ல வழக்கம். ஒரு மின்னஞ்சல் திரும்பி வந்துவிட்டால் அதைப் பார்க்காமல் விட்டுவிடாமல், அன்றே வேறு வழியில் அனுப்பவேண்டும். திரும்பி வந்த அந்த ஒரு கடிதத்தை யாரும் கவனிக்காமல் விடுவதால்தான் பாதிச் சிக்கல்கள் வருகின்றன.

கூட்டம் நடக்கவில்லைதானே, நடவடிக்கைக் குறிப்பில் என்ன எழுதுவது என்று கேட்கலாம். கோரம் இல்லாமல் ஒத்திவைக்கப்பட்டது என்ற குறிப்பை, தலைவரோ வந்திருந்த இயக்குநர் ஒருவரோ அந்தப் புத்தகத்தில் பதியவேண்டும் என்கிறது தரநிலை. நான்கு வரி போதும். வந்திருந்த இருவரும் வருகைப் பதிவேட்டில் கையெழுத்திட்டுவிட்டே போகவேண்டும்.

இனி தீபாவளிக் காலை. கடிதத்துக்கு ஐந்து பதில் வந்திருந்தன. மூன்று பேர் காணொலியில் வருவதாக எழுதியிருந்தார்கள். பதினொரு மணிக்கு நிர்வாக இயக்குநர் அலுவலகத்திலிருந்து இணைப்பைத் திறந்தார். தம்பி வீட்டிலிருந்து வந்தார். சிங்கப்பூர் மகள் வந்தார். மூன்று பேர், கோரம் சேர்ந்தது. ஒவ்வொருவரும் தம் பெயரையும், எங்கிருந்து பேசுகிறார் என்பதையும், நிகழ்ச்சி நிரலும் தாள்களும் கிடைத்தனவா என்பதையும், அறையில் வேறு யாரும் இல்லை என்பதையும் சொன்னார்கள். முதல் பொருளை முடித்து, கடன் தீர்மானத்தைப் படிக்கத் தொடங்கியபோது சிங்கப்பூர் இணைப்பு அறுந்தது.

"அப்பா கேக்குதா?" என்ற குரல் பாதியில் நின்றது. தம்பி, "மேல படிங்கண்ணா, அது வந்துரும்" என்றார்.

படிக்கக்கூடாது. கோரம் தொடக்கத்தில் இருந்தால் போதாது, பொருள்களை எடுத்துப் பேசி முடிவெடுக்கும்போதும் இருக்கவேண்டும். செகரட்டரி கையை உயர்த்தி நிறுத்தச் சொன்னார். பதினொன்று இருபத்திரண்டுக்கு அறுந்தது என்று நேரத்தைக் குறித்துக்கொண்டார். வெளியே யாரோ சரவெடி கொளுத்தினார்கள். பதினொன்று முப்பத்தொன்றுக்கு மகள் திரும்ப வந்தார். கடன் தீர்மானத்தை முதல் வரியிலிருந்து மறுபடியும் படித்தார்கள். மூன்று பேரும் ஆமோதித்தார்கள்.

நவம்பர் 4-க்கான நோட்டீஸ் 25-ம் தேதியே போயிருந்தது. இனி அந்தக் கூட்டம் தேவையில்லை என்பதைச் சொல்லும் மூன்று வரிக் கடிதம், 31-ம் தேதி பிற்பகலில், ஏழு முகவரிக்கும் போனது. இந்த முறை அதை எழுதத் தடையில்லை. அந்தத் தேதியை வைத்தது கம்பெனிதான்.